பெரிய பில்லும் சின்னப் பொட்டலமும்

ஒரு பீங்கான் பட்டறை மாதாமாதம் வாங்கும் சரக்குகளை எழுதிப் பார்த்தால் முப்பது, நாற்பது பெயர் வரும். களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மாவு, எரிவாயு, அச்சுக்குப் பிளாஸ்டர், கிளேஸுக்கு ஃபிரிட், நீல நிறத்துக்குக் கோபால்ட் ஆக்சைடு, சூளைக்குத் தெர்மோகப்பிள், கட்டி அனுப்ப வைக்கோல், அட்டைப்பெட்டி, சணல். இத்தனையையும் நம்மில் பெரும்பாலோர் ஒரே விதமாகத்தான் வாங்குகிறோம். மூன்று பேரிடம் விலை கேட்கிறோம், குறைத்துச் சொன்னவரிடம் வாங்குகிறோம், பணத்தை முடிந்தவரை இழுத்துக் கொடுக்கிறோம். நல்லூரிலிருந்து விருத்தாசலத்துக்குப் போய்வந்து, பீங்கான் பட்டறைகளுக்குச் சரக்கு வாங்கிப்போடும் வேலையிலேயே வயதானவன் நான். புதிதாக அந்த மேசையில் உட்காரும் பிள்ளைகளிடம் முதலில் சொல்வது இதைத்தான்: எல்லா வியாபாரியையும் ஒரே தராசில் நிறுக்காதே. சிலரிடம் கறாராகப் பேரம் பேச வேண்டும். சிலரிடம் பேரமே பேசக் கூடாது. யாரிடம் எப்படி என்பதைச் சரக்குதான் சொல்லும்.

இதை ஒழுங்காக எழுதிவைத்தவர் பீட்டர் கிரால்ஜிக். மெக்கின்சி நிறுவனத்தின் ஆலோசகராக ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரில் இருந்தவர். 1983-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் அவருடைய கட்டுரை வந்தது. எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடிகளில் அடிபட்டிருந்த தொழிற்சாலைகளுக்காக எழுதியது அது. மூலப்பொருள் எப்போதும் கிடைக்கும், விலை மட்டும் பேசினால் போதும் என்ற நம்பிக்கை அப்போது உடைந்து போயிருந்தது. அவர் ஒவ்வொரு சரக்கைப் பற்றியும் இரண்டு கேள்வி கேட்கச் சொன்னார். இந்தச் சரக்கு நம் லாபத்தை எவ்வளவு அசைக்கிறது? இது கிடைக்காமல் போகும் ஆபத்து எவ்வளவு? இரண்டுக்கும் விடை எழுதினால் சரக்குகள் தாமாக நான்கு கட்டத்தில் போய் உட்காரும்.

பணம் பெரிது, ஆபத்தும் பெரிது என்றால் அது உயிர்ச் சரக்கு. பணம் பெரிது, ஆனால் விற்க ஆள் நிறைய என்றால் பேரச் சரக்கு. பணம் சிறிது, ஆனால் கிடைப்பது அரிது என்றால் முட்டுச் சரக்கு. இரண்டும் சிறிது என்றால் சில்லறைச் சரக்கு. படித்த பிள்ளைகள் இவற்றை ஸ்ட்ராடஜிக், லெவரேஜ், பாட்டில்நெக், நான்-கிரிட்டிகல் என்பார்கள். எந்தப் பெயரில் வேண்டுமானாலும் அழைக்கலாம். சரக்கை அதற்குரிய கட்டத்தில் வைக்கத் தெரிய வேண்டும்.

கணக்குக்காக ஒரு பட்டறையை வைத்துக்கொள்வோம். பொம்மையும் அகலும் கொஞ்சம் ஃபியூஸ் கட்டையும் செய்கிறது. மாதம் ஐந்து லட்சத்துக்குச் சரக்கு வாங்குகிறது. எரிவாயு 2,40,000. ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் 70,000. களிமண் 60,000. ஃபிரிட்டும் சிர்கானும் 50,000. கட்டும் பொருட்கள் 35,000. பிளாஸ்டர் 20,000. நிறங்கள் 8,000. தெர்மோகப்பிள் போன்ற சூளைச் சாமான்கள் 7,000. மீதி 10,000 உதிரி. முதலாளியின் கண் எங்கே போகும்? எரிவாயுவுக்குப் போகும், அடுத்து ஃபெல்ட்ஸ்பாருக்குப் போகும். எட்டாயிரம் ரூபாய் நிறத்தை அவர் ஏறிட்டுப் பார்க்க மாட்டார். பில்லின் அளவைப் பார்த்து அடுக்கும் பழக்கம் நமக்கு அவ்வளவு ஊறிவிட்டது. இரண்டாவது கேள்வியைக் கேட்டால் இந்த வரிசை கலைந்துவிடும்.

ஆபத்தை அளப்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். விற்பவர் எத்தனை பேர், ஆர்டர் போட்டால் எத்தனை நாளில் வரும், வாங்கி வைத்தால் கெடாமல் இருக்குமா, வேறு ஆளிடம் மாறினால் நம் சூளையில் ஒத்துக்கொள்ள எத்தனை நாள் சோதனை வேண்டும் என்று பார்த்தால் போதும். இவற்றில் கடைசிக் கேள்வியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். பீங்கானில் அதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி.

களிமண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அறுபதாயிரம் ரூபாய்ச் சரக்கு, மொத்தத்தில் எட்டில் ஒரு பங்குகூட முழுதாக வராது. நெய்வேலிப் பக்கத்தில் லிக்னைட்டுக்கு மேலேயே வெண்களிமண் கிடக்கிற நாடு நம்முடையது, மண்ணுக்கா பஞ்சம் என்று கேட்கத் தோன்றும். மண்ணுக்குப் பஞ்சமில்லை. ஒரே மாதிரியான மண்ணுக்குத்தான் பஞ்சம். மண் மாறினால் சுருக்கம் மாறும். சுருக்கம் மாறினால் ஃபியூஸ் கட்டையில் பித்தளை முனை பொருந்தும் துளை மாறும். வெப்பத்தில் மண் விரிந்து சுருங்கும் அளவு மாறினால் மேலே பூசிய கிளேஸ் அதோடு ஒத்துப்போகாது. வலை வலையாகக் கோடு விழும். அந்தக் கோடு சூளையைத் திறந்த அன்றே தெரியும் என்றும் சொல்ல முடியாது. சரக்கு கடைக்குப் போய், பத்து நாள் கழித்து விழும். ஆகவே பில் எவ்வளவாக இருந்தாலும் களிமண் உயிர்ச் சரக்கு. லாபத்தை அசைப்பது என்றால் பில் தொகையை மட்டும் பார்ப்பதில்லை. முடிந்த சரக்கின் தரத்தை அது எவ்வளவு அசைக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மண்காரரிடம் டன்னுக்கு நூறு ரூபாய் குறைத்துவிட்டோம் என்று சந்தோஷப்படும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் ஒரு கணக்குப் போடச் சொல்வேன். ஒருவர் டன் 2,000 ரூபாய்க்கு 15 விழுக்காடு ஈரத்தோடு மண் தருகிறார். இன்னொருவர் 1,850-க்குத் தருகிறார், ஈரம் 25 விழுக்காடு. காய்ந்த மண்ணுக்கு விலை பார்த்தால் முதலாமவருடையது டன் சுமார் 2,350 ரூபாய். இரண்டாமவருடையது 2,470-ஐ நெருங்குகிறது. மலிவு என்று நினைத்தது தண்ணீருக்குக் கொடுத்த காசு. லாரி வந்ததும் நாலைந்து இடத்திலிருந்து மண் எடுத்துக் கலந்து, நூறு கிராம் நிறுத்து, எடை மேலும் குறையாத வரை காயவைத்து மறுபடி நிறுத்தால் இது தெரிந்துவிடும்.

அதே மண்ணில் கொஞ்சத்தைத் தண்ணீரில் கரைத்து இருநூறு மெஷ் சல்லடையில் விட்டு, மேலே தங்குவதைப் பாருங்கள். மணலும் கருப்புத் துகளும் வழக்கத்தை விட அதிகமாக இருந்தால் மண்காரர் மேல்படுகையைச் சேர்த்து வெட்டியிருக்கிறார் என்று அர்த்தம். அந்தத் துகளில் இரும்பு இருந்தால் வெள்ளைப் பொம்மையின் கன்னத்தில் பழுப்புப் புள்ளியாக எழும்பும். மூன்றாவதாக, பத்து சென்டிமீட்டர் கோடு கீறிய ஒரு சிறு பட்டையைப் பழைய மண்ணிலும் புது மண்ணிலும் செய்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுடுங்கள். சுட்டபின் கோட்டின் நீளத்தையும் நிறத்தையும் ஒப்பிடுங்கள். இவ்வளவையும் செய்து, கிளேஸ் பூசி, சூடான உருப்படியைக் குளிர்ந்த நீரில் போட்டுக் கோடு விழுகிறதா என்றும் பார்த்து, ஒரு புதிய மண்ணை நம்பிச் சூளையில் ஏற்ற வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் மண்காரரைச் சட்டென்று மாற்ற முடியாது.

மாற்ற முடியாதவரிடம் எப்படி நடந்துகொள்வது? வருடத்துக்கு இவ்வளவு எடுத்துக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எந்தப் படுகையிலிருந்து வெட்டுகிறார் என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பணத்தைச் சொன்ன தேதியில் கொடுக்க வேண்டும். பணம் தாமதமாகிற பட்டறைக்கு நல்ல மண்ணை ஒதுக்கி வைக்க எந்த மண்காரருக்கும் மனம் வராது. அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. கூடவே, ஐந்தில் ஒரு பங்கை இரண்டாவது ஆளிடம் தொடர்ந்து வாங்கி, அவருடைய மண்ணும் நம் சூளைக்குப் பழகியிருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் கடலூர் மாவட்டத்தில் குழியில் தண்ணீர் நிற்கும். மண் வராது, வந்தாலும் சேறாக வரும். செப்டம்பருக்குள் மூன்று மாத மண்ணைக் கொட்டகைக்குள் ஏற்றிவிட வேண்டும். மண் கெட்டுப்போகாது. ஊறிய மண் இன்னும் நன்றாகவே வேலை செய்யும்.

இப்போது அந்த எட்டாயிரம் ரூபாய் நிறத்துக்கு வருகிறேன். நூறு கிலோ காய்ந்த கிளேஸ் பொடிக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ கோபால்ட் ஆக்சைடு சேர்த்தால் நல்ல நீலம் வந்துவிடும். கைக்கு அடக்கமான பொட்டலம்தான். ஆனால் உலகத்தில் தோண்டி எடுக்கப்படும் கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோ என்ற ஒரே நாட்டிலிருந்து வருகிறது. 2025 பிப்ரவரியில் அந்நாடு கோபால்ட் ஏற்றுமதியை நான்கு மாதத்துக்கு நிறுத்தியது. பிறகு தடையை நீட்டித்தது. அக்டோபரில் தடையை எடுத்துவிட்டு, இவ்வளவுதான் அனுப்பலாம் என்று அளவு கட்டியது. அந்த ஆண்டு முடிவதற்குள் உலகச் சந்தையில் விலை இரு மடங்குக்கு மேல் போனது. பேட்டரிக்காரர்கள் டன் கணக்கில் வாங்கும் சந்தையில், மாதம் ஒரு கிலோ கேட்கிற நமக்கு வரிசையில் எந்த இடம் கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆக்சைடு இல்லாவிட்டால் என்ன, நீல ஸ்டெயின் வாங்கிக்கொள்ளலாம் என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். கடையில் கிடைக்கும் ஆழ்ந்த நீல ஸ்டெயின்களிலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் கோபால்ட்தான். பெயர் மாறினாலும் ஆபத்து அதே இடத்தில் நிற்கிறது. கோபால்ட் இல்லாத நீலம் ஒன்று உண்டு. சிர்கானும் வனேடியமும் சேர்ந்து வரும் வானநீலம். நிறம் வேறு, ஆனால் பொம்மைக்கு அழகாகவே இருக்கும். முட்டுச் சரக்கைச் சமாளிக்கும் வழி இப்படி மாதிரிகளையே கொஞ்சம் மாற்றுவதில் இருக்கிறது. மயிலுக்கு மட்டும் ஆழ்ந்த நீலம், மற்றதற்கு வானநீலம் என்று முடிவு செய்தால் கோபால்ட் செலவு பாதியாகும், பயமும் பாதியாகும்.

இன்னொரு வழி, கையிருப்பு. ஆறு மாத நிறத்தை வாங்கி வைத்தால் 48,000 ரூபாய் முடங்கும். மாதம் ஒரு விழுக்காடு வட்டி என்றாலும் 480 ரூபாய். நிறம் வராமல் இருபது பேர் வேலை செய்யும் பட்டறை மூன்று நாள் நின்றால், தலைக்கு ஐந்நூறு கூலி என்று வைத்தாலே முப்பதாயிரம் போய்விடும். நவராத்திரி ஆர்டர் கைநழுவுவது அதற்கு மேல். உலர்ந்த டப்பாவில் மூடிவைத்தால் கோபால்ட் வருடக்கணக்கில் கெடாது. ஆகவே வாங்கி வையுங்கள். பிளாஸ்டருக்கு இதே யோசனையைச் சொல்ல மாட்டேன். அது ஈரத்தை இழுத்துவிடும். பழைய மூட்டையில் வார்த்த அச்சு சரியாக இறுகாமல் சீக்கிரம் தேய்ந்துபோகும். பிளாஸ்டரில் இரண்டு மாதத்துக்கு மேல் கையிருப்பு வைப்பது வீண்.

தெர்மோகப்பிளும் முட்டுச் சரக்குதான். கே வகைத் தெர்மோகப்பிள் உயர் சூட்டில் உழைத்து உழைத்து நாளடைவில் உண்மையை விடக் குறைத்துக் காட்ட ஆரம்பிக்கும். மீட்டர் 1,180 என்று காட்டும்போது உள்ளே அதைத் தாண்டியிருக்கும். உருப்படிகள் குழைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சூட்டிலும் ஒரு கூம்பை உள்ளே வைத்து, மீட்டரும் கூம்பும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பவருக்கு இது முன்பே தெரியும். பெட்டியில் ஒரு புதிய தெர்மோகப்பிள் எப்போதும் இருக்க வேண்டும். விலையைப் பற்றி இங்கே பேச்சே வேண்டாம்.

ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் வேறு கதை. நாமக்கல், கரூர் பக்கத்தில் அரைத்துத் தரும் ஆலைகள் பல இருக்கின்றன. பணம் பெரிது, ஆள் நிறைய. இங்கேதான் மூன்று விலை கேட்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி கேட்க வேண்டும், அறுபதுக்கு நாற்பது என்று இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பேரம் பேசுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக எழுதித் தர வேண்டும்: பொட்டாஷ் வேண்டுமா, சோடாவா, எத்தனை மெஷ் என்று. பொட்டாஷ் கேட்ட இடத்தில் சோடா அதிகமான மாவு வந்தால் சீக்கிரம் உருகும், உருப்படி வளையும். விலை குறைந்தது ஏன் என்று அப்போது புரியும். ஒவ்வொரு லோடிலும் ஒரு சிறு வில்லை செய்து, பழைய லோடின் வில்லையோடு சேர்த்துச் சுட்டால் எது முன்னே உருகுகிறது என்று கண்ணாலேயே தெரியும். இந்தச் சோதனையை வைத்துக்கொண்டு பேரம் பேசுவதில் எந்தத் தவறும் இல்லை.

வைக்கோல், சணல், அட்டைப்பெட்டி, தூரிகை ஆகியவை சில்லறை. ஒரே கடையில், மாதம் ஒருமுறை, ஒரே பில்லாக வாங்கிவிடுங்கள். ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்கக் கடைகடையாக ஏறி இறங்கும் நேரத்தில் மண் குழியை ஒருமுறை பார்த்து வந்துவிடலாம்.

எரிவாயுவை எங்கே வைப்பது என்பதில் எனக்கும் பிள்ளைகளுக்கும் வாக்குவாதம் நடக்கும். மொத்தச் செலவில் பாதி. விற்பவர்களோ பெரிய எண்ணெய் நிறுவனங்கள். நம்மைப் போன்ற சிறிய ஆள் பேரம் பேசி நடக்கப்போவது ஒன்றுமில்லை. ஆகவே அதை உயிர்ச் சரக்கில்தான் வைப்பேன். கிரால்ஜிக் இதற்கும் ஒரு படி வைத்திருக்கிறார். உயிர்ச் சரக்குகளில் மட்டும், நம் கை ஓங்கியிருக்கிறதா, விற்பவர் கை ஓங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார். நம் கை ஓங்கினால் விலையை அழுத்தலாம். சமம் என்றால் நிதானமாகப் போகலாம். அவர் கை ஓங்கினால் மாற்று வழி தேட வேண்டும். குஜராத்தின் மோர்பி அதற்குச் சாட்சி. உக்ரைன் போருக்குப் பின் இயற்கை எரிவாயு விலை ஏறியதும், 2022 ஆகஸ்டில் அங்கே பீங்கான் ஓட்டுத் தொழிற்சாலைகள் ஏறக்குறைய ஒரு மாதம் சூளையை அணைத்துவைத்தன. பிறகு பல ஆலைகள் புரொப்பேனுக்கு மாறின. இரண்டு எரிபொருளிலும் ஓடும் பர்னர் வைத்துக்கொண்ட பின்புதான் அவர்களால் விலையைப் பற்றிப் பேச முடிந்தது. நம் பட்டறைகளில் அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. முக்கால் அளவு அடுக்கிய சூளைக்கும் நிறைய அடுக்கிய சூளைக்கும் எரிவாயு ஏறத்தாழ ஒன்றுதான். சூளையை நிரப்பி ஏற்றுவதில் மிச்சமாகும் பணம் எந்தப் பேரத்திலும் மிச்சமாகாது.

கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். சரக்குகள் கட்டம் மாறிக்கொண்டே இருக்கும். அட்டைப்பெட்டி வருடம் முழுவதும் சில்லறைதான். நவராத்திரிக்கு முந்தைய மாதம் அதுவே முட்டுச் சரக்காகிவிடும், பெட்டி இல்லாமல் பொம்மை நகராது. வீடுகளுக்கெல்லாம் எம்.சி.பி. வந்தபின் ஃபியூஸ் கட்டைக்குத் தேவை குறைந்தது. அதற்கென்று வாங்கிய சாமான்களின் இடமும் இறங்கியது. வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்பும் பொங்கலுக்குப் பின்பும், புதிதாக எழுதிப் பாருங்கள். அப்போது எல்லாச் சரக்கும் முக்கியம் என்று தோன்றினால் நீங்கள் கட்டம் போடவில்லை, பயத்தைத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். உயிர்க் கட்டத்தில் நான்கைந்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு மேல் எத்தனை வியாபாரிகளோடு ஒரு மனிதனால் நெருங்கிப் பழக முடியும்?

விருத்தாசலம் பேட்டையின் முதலாளிகளுக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். பேரச் சரக்கு என்று நான் சொன்ன ஃபெல்ட்ஸ்பாரில்கூட, தனியாகப் போனால் அரை லோடு, ஒரு லோடு கேட்கும் நமக்குப் பேரம் பேச வலு போதாது. ஐந்து பட்டறைகள் சேர்ந்து ஒரே தர விவரம் எழுதி, ஒரே ஆர்டராகக் கொடுத்தால் ஆலைக்காரர் உட்கார வைத்துப் பேசுவார். கோபால்ட்டையும் சேர்ந்தே வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். சோதனைக்கு நம் ஊரிலேயே பீங்கான் தொழில்நுட்பம் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். வருகிற மழைக்காலத்துக்கு முன் ஒரு லோடு ஃபெல்ட்ஸ்பாரையாவது இப்படிச் சேர்ந்து வாங்கிப் பாருங்கள்.